வட்டாரத்துக் கான்களை வரைபடமாக்கும் முன்மொழிவு: எதை அளப்பது, எப்படி எழுதுவது

கேள்வி: "ஹட்டன் பக்கம் ஒரு நகர சபை வட்டாரத்தில் இருக்கிறோம். மழை பெய்தால் மூன்று நாலு தெருவில் தண்ணீர் தேங்கிக் கடைக்குள் வந்துவிடும். தண்ணீர் தேங்கும் தெருக்களையும் கான்களையும் ஊர்மக்களே வரைபடமாக்க ஒரு திட்ட முன்மொழிவு தரும்படி எங்கள் இளைஞர் கழகத்திடம் கேட்டிருக்கிறார்கள், சிறு நிதி கிடைக்கும். அதில் என்ன எழுத வேண்டும்? போனை வைத்தே எல்லாவற்றையும் செய்துவிடலாமா?"

முன்மொழிவை எழுத உட்காரும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் இடங்களுக்குப் புள்ளி வைக்கப் போகிறீர்களா, தண்ணீர் போகும் வழியை வரையப் போகிறீர்களா? இப்படியான பெரும்பாலான முன்மொழிவுகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. எந்த இடத்தில் தேங்குகிறது என்பது அந்தத் தெருக் கடைக்காரருக்கும் நகர சபைக்கும் ஏற்கெனவே தெரியும். அதையே வரைபடத்தில் போட்டுக் கொடுத்தால் யாரும் புதிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை. மலைநாட்டு நகரத்தில் தேங்கும் இடம் ஒன்று, குறை இருக்கும் இடம் வேறு. குறை மேலே வெட்டிவிட்ட மண்திட்டில் இருக்கலாம், அல்லது பிரதான வீதிக்கு அடியில் போகும் மதகின் மறுவாயில் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கானும் எங்கே தொடங்கி, எந்தக் கானில் சேர்ந்து, கடைசியில் எந்த ஓடையில் விழுகிறது என்பதைத் தொடர்ச்சியாகக் காட்டும் வரைபடம்தான் உங்கள் திட்டத்தின் விளைபொருள் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சரிவான ஊரில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்ற விளக்கமும் முன்மொழிவில் ஒரு பந்தி இருக்க வேண்டும். எதை அளக்கப் போகிறீர்கள் என்பதற்கு அதுதான் நியாயம். கானில் ஓடும் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் இறங்கும் ஒழுங்கைக் கான், கீழே வந்து நூறு மீற்றருக்கு அரை மீற்றர் மட்டும் இறங்கும் இடத்தை அடையும்போது, அகலமும் நீரின் ஆழமும் மாறாவிட்டால் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடும். மேலே மணலையும் சிறு கல்லையும் உருட்டிக்கொண்டு வந்த தண்ணீருக்கு அங்கே அதைத் தூக்கிச் செல்ல வலு இல்லை, போட்டுவிட்டுப் போகிறது. சரிவு குறையும் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் கடைத்தெருவும் பஸ் நிலையமும் மதகும் இருக்கும். இதோடு இன்னொரு காரணமும் சேரும். வீதிக்குத் திரும்பத் திரும்பத் தார் போட்டு மட்டம் உயரும்போது, கானுக்குள் தண்ணீர் இறங்கும் வாய்கள் மூடிக்கொள்கின்றன. கான் வெறுமையாகக் கிடக்க, தண்ணீர் வீதியில் ஓடும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சரிவு, வண்டலின் உயரம், நீர் இறங்கும் வாய் ஆகிய மூன்றையும் பதிய வேண்டும். கானின் நீள அகலம் மட்டும் போதாது.

இனிப் போனைப் பற்றி. திறந்த வெளியில் சாதாரணப் போனின் இடங்காட்டி 3 முதல் 10 மீற்றர் வரை பிழை காட்டும். இரு பக்கமும் மாடிக் கட்டடம் உள்ள ஒடுங்கிய தெருவிலும், மண்வெட்டிய குத்துச்சரிவின் அடியிலும் பிழை இன்னும் கூடும். வலப்பக்கக் கானும் இடப்பக்கக் கானும் ஐந்து மீற்றர் இடைவெளியில் இருக்கும்போது, எந்தக் கானில் நிற்கிறீர்கள் என்பதைக் கூட அதனால் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. அதனால் செயற்கைக்கோள் படத்தில் தெருக்களும் கட்டடங்களும் தெரியும்படி A3 தாளில் அச்சடித்து, அதிலே பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். படிவம் நிரப்பவும் படம் எடுக்கவும் போன் போதும். அதற்கு `KoboToolbox` போன்ற இலவசச் செயலி சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் போன் காட்டும் உயரத்தை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்த வேண்டாம். அரைச் சதவீதச் சரிவைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் அது பல மீற்றர் தவறும்.

உயரத்துக்கு மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்மட்டக் குழாயே போதும். உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாய் 12 மீற்றர், சென்ரிமீற்றர் குறித்த இரண்டு மீற்றர்ச் சட்டங்கள் இரண்டு, இரண்டு பேர். குழாயில் தண்ணீரை நிரப்பி இரு முனைகளையும் அருகருகே பிடியுங்கள். இரண்டு நீர்மட்டமும் ஒன்றாக நிற்காவிட்டால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது, அதை வெளியேற்றாமல் தொடங்கக் கூடாது. பிறகு பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு சட்டங்களையும் கானின் அடித்தளத்தில் ஊன்றி, இரு பக்கத்து நீர்மட்டத்தையும் வாசித்துக் கழித்தால் அந்தப் பத்து மீற்றருக்கான இறக்கம் கிடைக்கும். வண்டல் இருந்தால் சட்டத்தின் நுனி வண்டலின் மேல் நிற்கும். ஒரு இரும்புக் கம்பியைக் குத்திக் கெட்டித் தளம் வரை ஆழம் பார்த்து அதைத் தனியாக எழுத வேண்டும். மட்டம் பார்ப்பதை எல்லாக் கானுக்கும் செய்ய வேண்டியதில்லை. தேங்கும் இடத்திலிருந்து மேலே 50 மீற்றர், கீழே வெளிவாய் வரை என்று வரையறுத்துக்கொண்டால் நாட்கள் மிச்சமாகும்.

பதிவு முறையை முன்மொழிவில் விளக்கும்போது கானைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுங்கள். அகலம் மாறும் இடம், திறந்த கான் மூடு கானாகும் இடம், இன்னொரு கான் வந்து சேரும் இடம், மதகின் இரு வாய்கள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு எண், இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்டது ஒரு துண்டு. துண்டுக்கு நீளம், அகலம், ஆழம், வண்டலின் உயரம், கட்டிய பொருள், மூடியா திறப்பா, குறுக்கே போகும் குழாய்கள் ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றோடு "அடுத்த புள்ளி எது" என்று ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். வேலையின் உயிர் அந்த நிரலில்தான் இருக்கிறது. அதைச் சரியாக நிரப்பினால்தான் சிதறிய அளவுகள் ஒரு வலையமைப்பாகும். தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல் "தெரியாது" என்று எழுதும்படி குழுக்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கடைகளுக்கு முன்னால் கொங்கிரீட் போட்டு மூடிய பகுதிகளில் இப்படிப் பல வரும். மழையில்லாத நாளில் மேல் வாயில் நிறமூட்டி கலந்த தண்ணீர் நாலைந்து வாளி ஊற்றி, சந்தேகப்படும் வெளிவாய்கள் ஒவ்வொன்றிலும் ஒருவரை நிறுத்தினால் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். நிறம் எங்கும் வரவில்லை என்றால் உள்ளே அடைப்பு, அல்லது உடைந்து மண்ணுக்குள் இறங்குகிறது. இரண்டில் எது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதை நகர சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் விட வேண்டும். ஊற்றுவதற்கு முன் கீழே ஓடையில் துவைப்போர், குளிப்போர் இருந்தால் சொல்லிவிடுவது மரியாதை.

கானை உலர்ந்த நாளில் அளப்பது பாதி வேலை. மழை நாளில் பார்ப்பது மற்றப் பாதி, முன்மொழிவுகளில் அடிக்கடி விடுபடுவதும் அதுதான். தேங்கும் ஒவ்வொரு இடத்திலும் மின்கம்பத்திலோ மதிலிலோ உரிய அனுமதியோடு பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு பெயின்டால் போடுங்கள். அதற்கு எதிரே கடை வைத்திருக்கும் ஒருவர் மூன்று விஷயம் மட்டும் குறிக்க வேண்டும்: தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம், ஏறிய உச்சக் கோடு, முழுதாக வடிந்த நேரம். மழை விட்டுக் கால் மணி, அரை மணிக்குள் வடிந்தால் வழி இருக்கிறது, வந்த நீருக்கு அது போதவில்லை என்று பொருள். மணிக்கணக்கில் நின்றால் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது அந்த இடம் வெளிவாயைவிடத் தாழ்ந்த குழி. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே பரிகாரம் பாதி தெரிந்துவிடும். மழையின் அளவுக்கு நேரான பக்கங்கள் உள்ள தகரப் பேணி ஒன்றைத் திறந்த இடத்தில் வைத்து அடிமட்டத்தால் அளக்கலாம். பக்கத்துத் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் நாளாந்த மழைக் குறிப்பு இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஆனால் அது நாள் மொத்தம். கானை நிரப்புவது நாள் மொத்தம் அல்ல, அந்த அரை மணியில் பெய்த வேகம். ஆகவே பேணியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க ஒருவர் வேண்டும்.

இவையெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இது கற்பனைத் தெரு, ஆனால் அளவுகள் மலைநாட்டில் சாதாரணமானவை. மூன்று ஹெக்டேயர் சரிவிலிருந்து வரும் தண்ணீர் ஓர் ஒழுங்கை வழியாக இறங்கிப் பிரதான வீதியைத் தொடும் இடத்தில், 450 மில்லிமீற்றர் ஹியூம் குழாய் மதகு வழியாக மறுபக்க ஓடைக்குப் போகிறது. கடை வாசலில் கால் மீற்றர் தண்ணீர் நிற்கிறது, மழை குறைந்து ஒரு கால் மணியில் வடிகிறது. ஊர் முழுவதும் கேட்பது பெரிய மதகு. வரும் நீரை மதிப்பிடச் சாதாரணமாகப் பயன்படும் சூத்திரம் இது:

```
Q = C × i × A / 360
```

இதில் `Q` வினாடிக்குக் கனமீற்றர், `i` மணிக்கு மில்லிமீற்றர் மழை, `A` ஹெக்டேயர். `C` என்பது பெய்ததில் எவ்வளவு ஓடிவரும் என்ற பின்னம். கூரையும் தாரும் நிறைந்த நகரச் சரிவுக்கு 0.7 என்று வைப்போம். மணிக்கு 60 மில்லிமீற்றர் வேகத்தில் பெய்தால் விடை 0.35, அதாவது வினாடிக்கு 350 லீற்றர். சுத்தமான 450 குழாய், நூற்றுக்கு இரண்டு சரிவில், ஏறத்தாழ 400 லீற்றர் கடத்தும். அப்படியென்றால் இந்த மழைக்கு மதகு போதும். ஆனால் குழுவினர் கம்பியைக் குத்திப் பார்த்தபோது குழாயின் பாதி உயரம் வண்டல். பாதி அடைந்தால் பாதித் தண்ணீர் போகும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இடமும் பாதியாகி, உரசும் பரப்பு விகிதத்தில் கூடுவதால், போவது 145 லீற்றர் அளவுதான், மூன்றில் ஒன்றைவிடச் சற்றே அதிகம். மீதி 205 லீற்றர் தெருவில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் அந்த வேகத்தில் பெய்தால் 123 கனமீற்றர். ஐம்பது மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலமான இடத்தில் அதைப் பரப்பினால் 25 சென்ரிமீற்றர், கடைக்காரர் குறித்த அதே கோடு. மழை நின்ற பின் அதே 145 லீற்றர் வேகத்தில் வடிய 14 நிமிடம். இரண்டு பக்கமும் பொருந்துகிறது என்பதால் காரணம் வண்டல் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பொருந்தாவிட்டால், உதாரணமாகக் கணக்கு 10 சென்ரிமீற்றர் காட்ட நேரில் 40 நின்றால், நீங்கள் வரையாத இன்னொரு கான் எங்கிருந்தோ வந்து சேர்கிறது, அல்லது வெளிவாயில் ஓடை நீர் எதிர்த்து நிற்கிறது. திரும்பிப் போய்த் தேட வேண்டும்.

வண்டல் என்று தெரிந்ததும் உடனே வாரிப் போடக் கிளம்ப வேண்டாம். அது ஏன் அங்கே படிந்தது என்பதை வரைபடத்தில் மேலும் கீழும் நடந்து பார்க்க வேண்டும். இந்தத் தெருவில் மதகின் முன்வாயைக் குறுக்கே கடக்கும் குடிநீர்க் குழாயொன்றில் ஷொப்பிங் பேக்குகள் சிக்கிக் கிடக்கின்றன, மறுவாய் வீதிக்கு அப்பால் பற்றைக்குள் மண்மேடாகி இருக்கிறது, மேலே வீடு கட்ட வெட்டிய மண் ஒழுங்கையோரம் குவிந்திருக்கிறது என்று வையுங்கள். முன்வாயை மட்டும் துப்பரவாக்கினால் அடுத்த பெருமழையோடு பழையபடி ஆகிவிடும். சிரமதானங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். கண்ணுக்குத் தெரியும் வாயைத் திறக்கிறார்கள், வீதியைக் கடந்து மறுவாயை யாரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் "யாருடையது" என்ற நிரலும் சேர வேண்டியது இதனால்தான். இந்த ஒரே தெருவில் ஒழுங்கைக் கான் நகர சபையுடையது. ஏ, பி தர வீதிகளின் மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு; ஹட்டன் ஊடாகப் போகும் ஏ7 அந்த வகை. குறுக்கே போகும் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பாக இருக்கலாம். மண்குவியல் தனியாருடையது. சி, டி தர வீதியென்றால் மாகாண வீதித் திணைக்களம், ரயில் பாதைக்கு அடியில் போனால் ரயில்வே, மேலே தேயிலைமலையின் கான் வந்து விழுந்தால் தோட்ட நிர்வாகம். நகர சபைக்கு எழுதிய கடிதம் ஒரு வருடம் கிடந்து "இது எங்களுக்குரியதல்ல" என்று திரும்புவது இந்த நிரல் இல்லாததால்தான். வேலை தொடங்கும் முன்பே தவிசாளரிடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் எழுத்தில் அனுமதி பெற்று, பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி கொடுங்கள். நீங்கள் நடத்தும் பயிற்சிக்கு அந்த உத்தியோகத்தரை அழைத்தால், பின்னால் உங்கள் அளவுகளை அவர் சந்தேகிக்க மாட்டார்.

ஆள், நாள், செலவு கணக்கிடுவதற்கு வட்டாரத்தில் மூன்றரைக் கிலோமீற்றர் தெரு இருப்பதாக எடுத்துக்கொள்வோம். சில இடங்களில் இரு பக்கமும் கான் இருப்பதால் மொத்தக் கான் ஐந்து கிலோமீற்றர் வரலாம். மூவர் கொண்ட குழு, ஒருவர் அளக்க, ஒருவர் பதிய, ஒருவர் வாகனம் பார்க்க, ஒரு காலையில் 400 முதல் 500 மீற்றர் முடிக்கும். மூன்று குழுவானால் நாலு காலை. அதோடு பயிற்சிக்கு ஒரு நாள், சந்தேகத் துண்டுகளை மறுபடி அளக்க இரண்டு நாள். மறுபடி அளக்கும் நாட்களை வெட்டிவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குழு அளந்ததில் பத்தில் ஒரு துண்டை இன்னொரு குழு அளந்து பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது. பொருட்களில் அளவுநாடாக்கள், குழாய், சட்டங்கள், கம்பி, பெயின்ட், அச்சுத் தாள்கள், பவர் பேங்க் ஆகியவற்றோடு ஒன்பது பேருக்கும் முழங்கால் வரை சப்பாத்து, தடித்த கையுறை, மினுங்கும் மேலங்கி வேண்டும். விலைகளை ஊகித்து எழுதாமல் நகரத்துக் கடைகளில் மூன்று விலைமனு வாங்கி இணையுங்கள். மழை கவனிக்கும் கடைக்காரர்களின் போனுக்கு டேட்டா செலவையும் மறக்க வேண்டாம்.

பாதுகாப்பை வெறும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். கான் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கால் கையில் காயம் உள்ளவரை இறக்கக் கூடாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும். மூடிய கானுக்குள்ளும் மதகுக்குள்ளும் எவரும் நுழையக் கூடாது, வாயிலிருந்து கம்பியாலும் டோர்ச்சாலும் பார்ப்பதோடு சரி. மழையின்போது நீர்மட்டக் கோட்டைக் கடை வாசலில் நின்று வாசிக்கலாம், கானோரம் போகக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அது எந்த நிறமானாலும் அன்று வெளிவேலை இல்லை என்று எழுதிவிடுங்கள்.

முடிந்த வரைபடத்தை `OpenStreetMap` இல் ஏற்றினால் எல்லோருக்கும் பயன்படும். மதகு ஒன்று இப்படிப் பதியப்படும்:

```
waterway=drain
tunnel=culvert
layer=-1
diameter=450
```

கோடு வரையும்போது தண்ணீர் ஓடும் திசையில் இழுக்க வேண்டும், திசையே அங்கு தகவல். ஆனால் வண்டலின் உயரம், அடைப்பு, யாருடைய கழிவுக் குழாய் கானில் விழுகிறது என்பவற்றைப் பொது வரைபடத்தில் போட வேண்டாம். முதல் இரண்டும் அடுத்த மாதமே மாறிவிடும், மூன்றாவது அயலவருக்குள் சண்டை மூட்டும். அவை உங்கள் அட்டவணையிலும் சபையின் கையிலும் இருக்கட்டும்.

இந்த வேலை எதைத் தராது என்பதையும் முன்மொழிவில் எழுதுங்கள், படிப்பவருக்கு நம்பிக்கை கூடும். கானின் பாதை, அளவு, வண்டல், வடிந்த நேரம் ஆகியவற்றை நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். நீரின் அளவு மதிப்பீடுதான். `C` ஐ 0.7 க்குப் பதில் 0.5 என்று வைத்தால் 350 லீற்றர் 250 ஆகிவிடும். புதிய மதகுக்கான வடிவமைப்பைப் பொறியியலாளர் தனியாகச் செய்ய வேண்டும். மக்களின் ஞாபகத்தில் எங்கே தேங்கியது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும், எவ்வளவு உயரம் என்பது வருடம் போகப் போகக் கூடிக்கொண்டே வரும். சுவரில் கறை தெரியாவிட்டால் அந்த உயரத்தை "சொல்லக் கேட்டது" என்று குறியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தைத் தனி நிறத்தில் காட்டுவது நல்லது. அவ்வளவு பெரிய மழையை எந்தத் தெருக் கானும் தாங்காது. அதை வருடாவருடம் தேங்கும் இடங்களோடு கலந்துவிட்டால், வண்டல் வாரினால் தீரக்கூடிய தெரு எது என்பதே வரைபடத்தில் மறைந்துபோகும்.

கால அட்டவணையை மழையையும் சபையின் வரவுசெலவையும் பார்த்துப் போடுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் உலர்ந்த அளவை. மார்ச், ஏப்ரலில் மாலை இடிமழையோடு தொடங்கி, மே கடைசியில் வரும் தென்மேற்குப் பருவமழை வரை நீர்மட்டம் கவனித்தல். ஜூலையில் கணக்கும் மறுபார்வையும். ஓகஸ்டில் நகர சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்கும் அவரவர் துண்டுகள் மட்டும் அடங்கிய தனித்தனி அட்டவணை, படங்களோடு. சபையின் அடுத்த வருட வரவுசெலவு வருடக் கடைசியில்தான் நிறைவேறும் என்பதால், ஓகஸ்டில் கொடுத்தது அதில் இடம்பெற வாய்ப்புண்டு. டிசம்பரில் கொண்டுபோனால் இன்னொரு முழு வருடம் காத்திருக்க வேண்டும்.